சராசரியைத் தொடும்போது வாங்கலாமா? 2023 நிஃப்டி காட்டும் மூன்று தொடுதல்கள்

ஏறிக்கொண்டிருக்கும் சந்தையில் வாங்க நினைப்பவருக்கு இரண்டு சங்கடங்கள் உண்டு. உச்சத்தில் வாங்கினால் மறுநாளே இறங்கிவிடுமோ என்ற பயம். இறங்கும்போது வாங்கினால் அது இறக்கத்தின் தொடக்கமாகிவிடுமோ என்ற பயம். இந்த இரண்டுக்கும் நடுவே சார்ட் பார்ப்பவர்கள் கண்டுபிடித்த வழிதான் புல்பேக்கில் வாங்குவது. விலை ஏறுமுகமாக இருக்க வேண்டும். அதன் மூவிங் ஆவரேஜ் கோடும் மேல்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். விலை சற்று இளைப்பாறி அந்தக் கோடு வரை இறங்கி வர வேண்டும். அங்கே வாங்க வேண்டும். சொல்வதற்குச் சுலபம். ஆனால் கோட்டைத் தொட்ட எல்லா விலையும் திரும்பி மேலே போவதில்லை. எந்தத் தொடுதலை நம்பலாம், எதை விட்டுவிடலாம் என்பதில்தான் வேலையே இருக்கிறது.

இதைப் பேச 2023-ம் ஆண்டின் நிஃப்டியைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது. அந்த ஆண்டு மார்ச் 20 அன்று சுமார் 16,828 வரை இறங்கிய குறியீடு, ஜூலை 20 அன்று 19,992-ஐத் தொட்டது. அந்த ஏற்றத்திலும் அதன் முடிவிலுமாக, மே, ஜூன், ஆகஸ்ட் மாதங்களில் அது தன் 20 நாள் சராசரியிடம் மூன்று முறை வந்தது. முதல் இரண்டு முறை திரும்பி ஏறியது. மூன்றாவது முறை கோட்டை உடைத்துக்கொண்டு கீழே போனது. மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால், அன்றன்றைக்கே எது தெரிந்தது, எது தெரியவில்லை என்பது புலப்படும்.

முதலில் அந்தக் கோடு என்ன என்று தெளிவாக்கிக்கொள்வோம். கடைசி 20 வர்த்தக நாட்களின் முடிவு விலைகளைக் கூட்டி 20-ஆல் வகுத்தால் இன்றைய புள்ளி கிடைக்கும். நாளை புதிய விலை ஒன்று உள்ளே வரும், மிகப் பழைய விலை ஒன்று வெளியே போகும். உள்ளே வருவது வெளியே போவதைவிடப் பெரிதாக இருக்கும்வரை கோடு ஏறும். அவ்வளவுதான் அதன் சூத்திரம். அதற்குத் தாங்கும் சக்தி எதுவும் இல்லை. கடந்த ஒரு மாதமாக வாங்கியவர்கள் சராசரியாக எந்த விலையில் நிற்கிறார்கள் என்பதை அது தோராயமாகக் காட்டுகிறது. ஏற்றத்தைத் தவறவிட்டவர்கள் 'கொஞ்சம் இறங்கட்டும், வாங்கலாம்' என்று காத்திருப்பதும் ஏறக்குறைய அந்த விலைகளில்தான். ஆகவே விலை அங்கே வரும்போது வாங்குவோர் கூட வாய்ப்பு உண்டு. வாய்ப்பு மட்டும்தான், வந்தார்களா என்பதை அன்றைய கேண்டில்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. விலையும் சராசரியும் சந்திக்க விலை மட்டும் இறங்க வேண்டியதில்லை. விலை சில நாட்கள் பக்கவாட்டில் நின்றால், கோடு தானாக ஏறி வந்து சேர்ந்துகொள்ளும். ஜூலை 20 அன்று நிஃப்டி 19,979-ல் முடிந்தபோது அதன் 20 நாள் சராசரி சுமார் 19,324-ல் இருந்தது. இடைவெளி 655 புள்ளி. அடுத்த ஒன்பது வர்த்தக நாட்களில் கோடு மட்டும் 300 புள்ளி ஏறியது. ஆகவே 'கோடு வரை வந்துவிட்டது' என்பதை வைத்து மட்டும் எவ்வளவு இறங்கியது என்று சொல்லிவிட முடியாது. ஆழத்தைத் தனியாக அளக்க வேண்டும்.

அளப்பதற்குப் பழைய வழி ஒன்று இருக்கிறது. கடைசியாக எங்கிருந்து எங்கே ஏறியது என்று பார்த்து, அந்த ஏற்றத்தில் எத்தனை பங்கைத் திருப்பிக் கொடுத்தது என்று கணக்கிடுவது. சார்லஸ் டோவின் கருத்துகளைத் தொகுத்து ராபர்ட் ரியா 1932-ல் வெளியிட்ட நூல், பெரிய ஏற்றத்தின் நடுவே வரும் இடைநிலை இறக்கங்கள் பொதுவாக முந்தைய ஏற்றத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை விழுங்கிவிடும் என்கிறது. ஆனால் அது வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் நீளும் இறக்கங்களைப் பற்றியது. 20 நாள் கோட்டில் வாங்க நினைப்பவர் எதிர்பார்ப்பது அதைவிட மேலோட்டமான ஓர் இளைப்பாறல். மூன்றில் ஒரு பங்குக்குள் நின்றால் வாங்குவோர் பொறுமையின்றிக் காத்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம். பாதியைத் தாண்டிவிட்டால் அது 20 நாள் கோட்டின் விஷயமே இல்லை; 50 நாள் கோட்டிலோ அதற்கும் கீழேயோ கதை முடிவாகும்.

இதில் ஒரு சிக்கல். எந்த ஏற்றத்தை அடிப்படையாகக் கொள்வது? ஜூன் மாதத்தையே பாருங்கள். அப்போது உச்சம் ஜூன் 22-ன் 18,887. அங்கிருந்து 18,647 வரை இறங்கியது, 240 புள்ளி. ஜூன் 1-ன் தாழ்வான 18,465-லிருந்து அளந்தால், ஏறியதில் 57 சதவீதம் போய்விட்டது. மார்ச் மாதத் தாழ்விலிருந்து அளந்தால் வெறும் 12 சதவீதம். ஒரே இறக்கம் ஒரு கணக்கில் மோசமாகவும் இன்னொரு கணக்கில் ஒன்றுமில்லாததாகவும் தெரிகிறது. வாங்க ஆசைப்படுபவர் சின்ன எண்ணைத் தேர்ந்தெடுத்துக்கொள்வார், பயந்தவர் பெரிய எண்ணை. இந்தத் தன்வசதியைத் தவிர்க்க ஒரு விதியை முன்கூட்டியே வைத்துக்கொள்வது நல்லது: கடந்த முறை விலை இதே சராசரியைத் தொட்டுத் திரும்பிய தாழ்விலிருந்து அளக்க வேண்டும். ஜூனுக்கு அது மே 19-ன் 18,060. அதன்படி ஏறியது 827 புள்ளி, திருப்பிக் கொடுத்தது 240, 29 சதவீதம்.

இந்த அளவுகோலை மூன்று முறைக்கும் வைத்துப் பார்க்கலாம். மே மாதத்துக்கு முந்தைய தொடுதல் இல்லாததால் மார்ச் தாழ்விலிருந்தே அளக்கிறோம்: 18,459 வரை ஏறி, 18,060 வரை இறங்கியது. நான்கில் ஒரு பங்குதான் போயிற்று. ஜூனில் 29 சதவீதம். ஆகஸ்ட் 2 அன்று, 18,647-லிருந்து 19,992 வரை வந்த ஏற்றத்தில் 42 சதவீதத்தைக் குறியீடு அன்று நடுவிலேயே இழந்திருந்தது. மறுநாள் பாதிக்கும் மேல். மூன்று உதாரணங்களை வைத்து விதி எழுத முடியாது என்பது உண்மைதான். ஆனால் மூன்றாவது முறை ஆழம் தனித்து நின்றது என்பது அன்றைக்கே கண்ணுக்குத் தெரிந்த விஷயம்.

ஆழத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது இறங்கிய விதம். மே 15-ல் 18,399-ல் முடிந்த நிஃப்டி அடுத்த மூன்று நாட்களில் முறையே 112, 105, 52 புள்ளிகளை இழந்தது. இறக்கத்தின் வேகம் குறைந்துகொண்டே கோட்டை நெருங்கியது. ஆட்டோ ஓட்டுநர் நிறுத்தத்துக்கு முன்பே பிரேக்கில் கால் வைத்துவிடுவது போல. ஆகஸ்டில் நடந்தது இதற்கு நேர் எதிர். ஜூலை 31-ல் 108 புள்ளி ஏற்றம், ஆகஸ்ட் 1-ல் 20 புள்ளி இறக்கம், ஆகஸ்ட் 2-ல் ஒரே நாளில் 207 புள்ளி இறக்கம். அமெரிக்க அரசின் கடன் தரத்தை ஃபிட்ச் நிறுவனம் குறைத்ததாகச் செய்தி வந்த காலை அது. செய்தி காரணமாக வேகமாக விழும் விலை, கோட்டைத் தொடும்போது அங்கே யார் காத்திருக்கிறார்கள் என்று பார்ப்பதில்லை.

இனி கேண்டிலுக்கு வருவோம். மே 19, வெள்ளிக்கிழமை. நிஃப்டி சுமார் 18,186-ல் தொடங்கியது. நாளின் நடுவே 18,060 வரை இறங்கியது. அன்றைய 20 நாள் சராசரி 18,107. அதாவது குறியீடு கோட்டைத் தொட்டதோடு நிற்காமல், கீழே ஏறத்தாழ 50 புள்ளி நழுவியிருந்தது. அந்த நேரத்தில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்குத் தெரிந்தது கோட்டை உடைத்த ஒரு நீண்ட சிவப்புக் கேண்டில். ஆனால் முடிவு 18,203. தொடங்கிய விலைக்கும் மேலே. காலையில் விற்றவர்களின் முழு முயற்சியும் நாள் முடிவதற்குள் விழுங்கப்பட்டுவிட்டது. படத்தில் அது சிறிய உடலும் நீண்ட கீழ் வாலும் கொண்ட ஹேமர் கேண்டிலாக நின்றது. உடல் 17 புள்ளி. கீழ் வால் 126 புள்ளி. மேலே சுமார் 15 புள்ளி.

இந்த இடத்தில் பலர் தடுக்கி விழுகிறார்கள். நடுப்பகலில் மே 19-ன் கேண்டிலும் ஆகஸ்ட் 2-ன் கேண்டிலும் ஒரே மாதிரிதான் இருந்தன: சிவப்பு, நீளம், கோட்டுக்குக் கீழே. இரண்டையும் பிரித்தது முடிவு விலை. நாள் கேண்டிலை வைத்து முடிவெடுப்பவர் மதியம் மூன்றரை மணி வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்த முடிவு விலைக்கு இந்தியாவில் கூடுதல் கனமும் உண்டு. 2023-ல் தேசியப் பங்குச் சந்தையில் ஒரு பங்கின் முடிவு விலை என்பது கடைசி ஒரு வர்த்தகத்தின் விலை அல்ல; கடைசி அரை மணி நேரத்தில் நடந்த வர்த்தகங்களின், எண்ணிக்கைக்கேற்பக் கணக்கிட்ட சராசரி. குறியீட்டின் முடிவும் அந்த விலைகளிலிருந்தே வருகிறது. ஆகவே கடைசி நிமிடத்தில் யாரோ ஒருவர் தூக்கிவிட்ட விலையாக அது இருப்பது கடினம்.

ஆகஸ்ட் 2-ன் கேண்டிலுக்கும் கீழ் வால் இருந்தது. அதை மறைக்கக் கூடாது. 19,655-ல் தொடங்கி, 19,423 வரை விழுந்து, 19,527-ல் முடிந்தது. நூறு புள்ளிக்கும் மேல் நீண்ட வால். 'பாருங்கள், வாங்குவோர் வந்துவிட்டார்கள்' என்று சொல்ல இது போதும். ஆனால் வால் மட்டும் போதாது. முடிவு தொடக்கத்துக்கு 129 புள்ளி கீழே. அன்றைய சராசரியான 19,623-க்கு 96 புள்ளி கீழே. முந்தைய நாள் முடிவோடு ஒப்பிட்டால் இழந்ததில் மூன்றில் ஒரு பங்கைத்தான் மீட்டிருந்தார்கள். வால் எவ்வளவு நீளம் என்பதைவிட, முடிவு கேண்டிலின் எந்த உயரத்தில் நிற்கிறது, கோட்டின் எந்தப் பக்கம் நிற்கிறது என்ற இரண்டும்தான் பதில் சொல்லும். மே 19-ல் முடிவு கேண்டிலின் உச்சியருகே, கோட்டுக்கு 96 புள்ளி மேலே. ஆகஸ்ட் 2-ல் கேண்டிலின் நடுவுக்கும் கீழே, கோட்டுக்கு 96 புள்ளி கீழே.

ஜூன் மாதத் தொடுதல் இப்படிப் பளிச்சென்று இல்லை. பெரும்பாலான தொடுதல்கள் இந்த வகையைச் சேர்ந்தவைதான் என்பதால் இதை விரிவாகப் பார்ப்பது பயன் தரும். ஜூன் 23, வெள்ளி: 106 புள்ளி இறங்கி 18,665-ல் முடிவு, தாழ்வு 18,647. அன்றைய சராசரி 18,668. கேண்டில் சிவப்பு, முடிவு தாழ்வுக்கு அருகே. இதில் வாங்க எந்த அறிகுறியும் இல்லை. மறுநாள் திங்கள், ஜூன் 26: ஒரு சின்னக் கேண்டில். தாழ்வு மறுபடியும் அதே 18,647. முடிவு 18,691, கோட்டுக்குச் சற்று மேலே. விற்றவர்கள் இரண்டு நாள் முயன்றும் ஒரு புள்ளிகூடக் கீழே தள்ள முடியவில்லை. ஹேமர் வரவில்லை, பெரிய பச்சைக் கேண்டிலும் வரவில்லை. இறக்கம் நின்றது, அவ்வளவுதான். என் பார்வையில், புத்தகப் பெயர் கொண்ட கேண்டில்களைத் தேடுவதைவிட இந்த 'நின்றுவிட்டதா' என்ற கேள்வி உபயோகமானது. ஹேமர் என்பது அந்தக் கேள்விக்கு ஒரே நாளில் கிடைக்கும் பதில். ஜூனில் அதே பதில் இரண்டு நாளாகக் கிடைத்தது.

நின்றதும் உடனே வாங்க வேண்டுமா? பெரும்பாலோர் கடைப்பிடிக்கும் முறை, தொட்ட கேண்டிலின் உச்சியை அடுத்த நாள் விலை தாண்டினால் மட்டும் வாங்குவது. ஸ்டாப் லாஸை அந்தக் கேண்டிலின் தாழ்வுக்குக் கொஞ்சம் கீழே வைப்பது. மே 19-ன் உச்சி 18,218. ஆகவே 18,220-ல் நுழைவு, 18,050-ல் ஸ்டாப் லாஸ். ஆபத்து 170 புள்ளி. மே 22 திங்களன்று நிஃப்டி அந்த உச்சியைத் தாண்டி 18,314-ல் முடிந்தது. மே 25-ல் மறுபடி 18,200 அருகே வரை வந்து பயமுறுத்தியது. ஆனால் 18,050 பக்கமே போகவில்லை. ஸ்டாப் லாஸை நுழைவு விலைக்கு அவசரமாக ஏற்றி வைத்தவர் அன்று வெளியேற்றப்பட்டிருப்பார். ஆகஸ்ட் 2-ன் கேண்டிலுக்கும் இதே முறையைப் பொருத்திப் பாருங்கள்: அதன் உச்சி 19,680 அருகே. மறுநாள் குறியீடு அங்கே போகவே இல்லை. 19,296 வரை இறங்கியது. கேண்டிலின் வாலைப் பார்த்து ஏமாந்தவரைக்கூட இந்த ஒரு நிபந்தனை வாங்கவிடாமல் தடுத்திருக்கும்.

இந்த முறைக்குச் செலவு இல்லாமல் இல்லை. ஜூன் 26-ன் உச்சி சுமார் 18,722. திட்டமிட்ட நுழைவு 18,725, ஸ்டாப் லாஸ் 18,635, ஆபத்து 90 புள்ளி. ஆனால் ஜூன் 27 காலை நிஃப்டி 18,748 அருகே இடைவெளி விட்டுத் தொடங்கியது. உண்மையில் கிடைத்திருக்கும் நுழைவு அதுதான்; ஆபத்து 113 புள்ளியாக உயர்ந்துவிட்டது. ஏற்கெனவே கால் பங்கு அதிகம். இடைவெளி இன்னும் பெரிதாக இருந்தால் வாங்காமல் விடுவது அல்லது அளவைக் குறைப்பது என்று முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். காலை ஒன்பதேகாலுக்கு யோசிக்க ஆரம்பித்தால் யோசனை வராது.

அளவு என்றதும் பணக்கணக்கு. நிஃப்டியை நேரடியாக வாங்க முடியாது. அதைப் பின்தொடரும் ஈடிஎஃப் வாங்கலாம், அல்லது ஃபியூச்சர்ஸ். மே மாத நுழைவில் 170 புள்ளி என்பது விலையில் 0.93 சதவீதம். 2 லட்ச ரூபாய்க்கு ஈடிஎஃப் வாங்கியவர் ஸ்டாப் லாஸில் வெளியேறினால் சுமார் 1,870 ரூபாய் நஷ்டம். தரகும் வரியும் தனி. ஃபியூச்சர்ஸில் அப்போது ஒரு லாட் 50. அதே 170 புள்ளிக்கு நஷ்டம் 8,500 ரூபாய். ஒரு முறைக்கு முதலில் ஒரு சதவீதத்துக்கு மேல் இழக்கக் கூடாது என்று நினைப்பவரிடம் அதற்கு எட்டரை லட்சம் இருக்க வேண்டும். மார்ஜின் பணம் மட்டும் கையில் வைத்துக்கொண்டு லாட் எடுப்பவருக்கு, சரியாகப் படித்த கேண்டிலும் தாங்க முடியாத சூதாட்டமாகிவிடும். 2021-22 நிதியாண்டில் ஈக்விட்டி ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் ஈடுபட்ட தனிநபர்களில் பத்தில் ஒன்பது பேர் நஷ்டமடைந்ததாக செபி 2023 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வு சொன்னதை இங்கே நினைவில் வைக்கலாம்.

கோட்டின் சாய்வைப் பற்றி ஒரு வார்த்தை. மே 19-ல் சராசரி ஒரே நாளில் 29 புள்ளி ஏறியது. ஆகஸ்ட் 2-ல் 6 புள்ளி. 'பார்த்தீர்களா, தளர்ந்துவிட்டது' என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஜூன் 23-ல் வெறும் 8 புள்ளிதான் ஏறியது. அந்தத் தொடுதல் அருமையாக வேலை செய்தது. ஆகவே சாய்வு குறைந்தால் எச்சரிக்கை, அதற்கு மேல் அதிலிருந்து பிழியக் கூடாது. முழுக்கப் படுத்துவிட்ட கோடு வேறு விஷயம். பக்கவாட்டுச் சந்தையில் விலை வாரத்துக்கு இரண்டு முறை கோட்டை மேலும் கீழுமாக வெட்டும். அங்கே எந்தக் கேண்டிலும் எதையும் சொல்வதில்லை. அப்படிப்பட்ட நாட்களில் இந்த முறையை எடுத்துவைத்துவிட வேண்டும்.

பழைய சார்ட்டில் எல்லாத் தொடுதலும் அழகாகத் தெரிவதற்கும் காரணம் உண்டு. நம் கண் திரும்பிய இடங்களை மட்டும் பொறுக்கிக்கொள்கிறது. 20 நாள் கோட்டில் திரும்பாதது 21-ல் திரும்பியிருந்தால், 'இது 21 நாள் கோட்டை மதிக்கும் பங்கு' என்று சொல்லிக்கொள்வோம். எக்ஸ்பொனென்ஷியல் சராசரி போட்டால் கோடு இன்னும் சில பத்துப் புள்ளி மாறும். மே 19-ல் குறியீடு கோட்டுக்குக் கீழே 50 புள்ளி போய்த் திரும்பியதை மறக்க வேண்டாம். கோட்டைக் கயிறாக நினைக்காமல், ஒரு நாள் வீச்சில் பாதி அகலமுள்ள பட்டையாக நினைப்பது நல்லது. அந்த மாதங்களில் நிஃப்டியின் ஒரு நாள் வீச்சு பெரும்பாலும் 100 முதல் 150 புள்ளி. பட்டை ஏறத்தாழ 60 புள்ளி.

இந்தப் பட்டை வெளியேறும்போதும் தேவைப்படுகிறது. முடிவு விலை சராசரிக்குக் கீழே போனால் விற்றுவிடுவேன் என்று மே மாதம் 18,220-ல் வாங்கியவர் ஒருவர் விதி வைத்திருந்தார் என்று கொள்வோம். ஜூன் 23 அன்று நிஃப்டி கோட்டுக்கு 2.5 புள்ளி கீழே முடிந்தது. விதியை எழுத்துக்கு எழுத்துப் பின்பற்றினால் அன்றே 18,665-ல் வெளியே. லாபம் 445 புள்ளி. 60 புள்ளிப் பட்டைக்குக் கீழே முடிந்தால்தான் விற்பேன் என்று வைத்திருந்தவர், கோட்டுக்கு 96 புள்ளி கீழே முடிந்த ஆகஸ்ட் 2 வரை இருந்திருப்பார். அன்றைய 19,527-ல் லாபம் 1,307 புள்ளி. அதற்காக, கோட்டுக்கும் பட்டையின் அடிக்கும் இடையே உள்ள 60 புள்ளியை ஒவ்வொரு முறையும் பணயம் வைக்க அவர் சம்மதித்திருக்க வேண்டும். அந்த 60 புள்ளிக்குச் சம்மதமா என்பதை மே மாதம் வாங்குவதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். ஜூன் 23 மாலை அதைக் கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்தான் வரும்.